போட்டோ இருக்கட்டும், டேக் மட்டும் வேண்டாம்னு சொல்றார். இதை எப்படி எடுத்துக்கறது?

மாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்)

நானும் என் பார்ட்னரும் பழக ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. போன வாரம் அவர் பிறந்தநாளுக்கு நாங்க ரெண்டு பேரும் இருக்கற ஒரு போட்டோவை இன்ஸ்டாவில போட்டு அவரை டேக் பண்ணேன். ராத்திரி லைக் போட்டார். காலையில போட்டோவைத் தொட்டுப் பார்த்தா அவர் பேர் வரல. டேக்கை எடுத்துட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

கேட்டப்போ, "போட்டோ இருக்கட்டும், என் ஐடி மட்டும் வேண்டாம்"னு சொன்னார். ஏன்னு கேட்டா, "எனக்கு அது பிடிக்கல, அவ்வளவுதான்" என்கிறார். அவர் இன்ஸ்டாவே இல்லாத ஆளா இருந்தா எனக்குக் கேள்வியே இல்ல. பைக் படம் போடுவார், போற இடமெல்லாம் போடுவார், நண்பனோட நாய்க்கு மட்டுமே ஏழெட்டு போட்டோ இருக்கு. நான் மட்டும் ஒரு ஓரத்தில கூட இல்ல.

நேர்ல எந்தக் குறையும் இல்ல. அவர் அக்காவுக்கு என்னைத் தெரியும், நெருங்கின நண்பர்களுக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் குழப்பமா இருக்கு. இது அவரோட சுபாவமா, இல்ல என்னை யார்கிட்டயோ மறைக்கிறாரா? எதை வச்சு தெரிஞ்சுக்கறது?

---

கதிர்_07

தோழி, நேரடியாவே சொல்றேன். நாய்க்கு இடம் இருக்கு, உங்களுக்கு இல்லைன்னா அது பிரைவசி இல்ல. பிரைவசி வேணும்கிறவன் எல்லாத்துக்கும்தான் வேணும்பான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூடி வைக்கிறவன் அதை யாரோ பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறான். அந்த "யாரோ" யாருன்னு கண்டுபிடிங்க.

---

சேகர்_எஸ்

அம்மா, உங்க அக்கவுன்டை வேற யாராவது பயன்படுத்தறாங்களான்னு முதல்ல பாருங்க. டேக் தானா போகாது. பாஸ்வேர்டை மாத்துங்க, ரெண்டாவது சரிபார்ப்பை ஆன் பண்ணுங்க, எந்தெந்தப் போன்ல லாகின் ஆகியிருக்குன்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.

---

மாலைவெயில்

@சேகர்_எஸ் சார், ஹேக் எல்லாம் இல்ல. அவரேதான் எடுத்தார், ஒத்துக்கவும் செய்தார்.

@கதிர்_07 நீங்க சொல்றதுதான் என் மனசுலயும் ஓடுது. அதைத்தான் நம்பாம இருக்கப் பார்க்கறேன்.

---

நிலாமுற்றம்

ஜோடிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தப் பிரச்சினையோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கதிர் சொன்னதில் பாதி சரி. மற்றதெல்லாம் வெளியே இருக்க, உறவு மட்டும் உள்ளே இருந்தால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அதிலிருந்து நேராக "யாரோ ஒருத்தர்" என்று தாவ முடியாது. பைக்குக்கும் நாய்க்கும் கருத்துக் கேட்க வேண்டிய இன்னொரு மனிதர் இல்லை. உறவைப் பற்றிய தகவலுக்கு உரிமையாளர் இரண்டு பேர். சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஒரு அந்தரங்கத் தகவலை நாம் இன்னொருவரோடு பகிர்ந்த நொடியிலிருந்து அவரும் அதற்குப் பங்காளி. அதை யாருக்குச் சொல்லலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யாவிட்டால், ஆளுக்கொரு விதியை மனதில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஒருநாள் அந்த இரண்டு விதிகளும் மோதும். உங்களுக்கு நடந்தது அதுதான்: "போட்டால் டேக் பண்ணுவது இயல்பு" என்பது உங்கள் விதி, "என் பக்கத்துக்கு எது வரலாம் என்பதை நான்தான் முடிவு செய்வேன்" என்பது அவருடைய விதி.

மறைப்பா, சுபாவமா என்று பார்க்க அவருடைய போனை எடுக்கத் தேவையில்லை. நான் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, மற்றவர்கள் அவரை டேக் பண்ணினால் என்ன செய்கிறார்? அக்கா வீட்டு விசேஷம், ஆபீஸ் குரூப் போட்டோ, நண்பர்கள் பயணம் எல்லாம் அவர் பக்கத்தில் நிற்கிறதா, அவையும் போய்விடுகின்றனவா?

இரண்டு, நேரடியாக யாராவது கேட்டால் என்ன சொல்கிறார்? பதிவு போடாமல் இருப்பதை ஒருவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். "யார் இவங்க?" என்ற கேள்விக்கு "சும்மா ஃப்ரெண்ட்" என்று பதில் வந்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று, கோடு எங்கே விழுகிறது? முன்பின் தெரியாதவர்கள், வேலை சார்ந்தவர்கள் ஆகியோரிடமிருந்து ஒதுக்கிவிட்டு நெருங்கியவர்களிடம் திறந்து இருந்தால் அது ஒரு வகை. நெருங்கியவர்களிலேயே ஒரு குறிப்பிட்ட ஆளோ கூட்டமோ மட்டும் விலக்கப்பட்டிருந்தால் அது வேறு வகை.

உங்கள் முதல் பதிவிலேயே அக்காவுக்கும் நண்பர்களுக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை.

---

பாரி

நிலாமுற்றம் சொன்ன ரெண்டாவது கேள்விதான் எனக்கு விடை கொடுத்துச்சு, அதனால என் கதையைச் சொல்றேன். என் முன்னாள் பார்ட்னரும் "எனக்குப் பிரைவசி முக்கியம்"னுதான் சொன்னாங்க. நான் மதிச்சேன், ஒரு படம் கூடப் போட்டதில்ல. ஒருநாள் அவங்க காலேஜ் தோழியை ஒண்ணா சந்திச்சோம். தோழி என்னைப் பார்த்து "இவர்?"னு கேட்டாங்க. "ஆபீஸ்ல கூட வேலை செய்றவர்"னு பதில் வந்துச்சு. நான் அந்த ஆபீஸ்ல வேலையே செய்யல.

அதுக்கப்புறம் கவனிச்சேன். அவங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எனக்கு மட்டும் வரவே வராது, "இவங்களைத் தவிர" லிஸ்ட்ல என்னைப் போட்டிருந்தாங்க. என்னைப் பத்தி வெளியில தெரியக் கூடாதுங்கறது மட்டும் இல்ல, அவங்க வாழ்க்கை எனக்கும் தெரியக் கூடாது. ரெண்டு பக்கமும் சுவர். உங்க கதையில அப்படி எதுவும் தெரியல. இருந்தாலும் கேட்டுடுங்க.

---

தேன்மொழி

நான் எதிர்ப்பக்கத்து ஆள். எங்க வீட்ல டேக் வேண்டாம்னு சொல்றது நான்தான். அதனால மாலைவெயிலோட பார்ட்னர் இடத்துல இருந்து கொஞ்சம் பேசறேன்.

பல வருஷம் முன்னாடி ஒருத்தர் என் பதிவுகளை வச்சு நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சு வந்து நிப்பார். லொகேஷன் போட்டதில்ல. பின்னாடி தெரியற கட்டடம், கண்ணாடியில விழற கடைப் பலகை, எந்தக் கிழமை எந்த நேரத்துக்கு ஸ்டோரி வருதுங்கறது, இதெல்லாம் சேர்த்தா போதும். நான் என் பதிவுகளைக் குறைச்சதும் என் தோழிகள் என்னை டேக் பண்ணின படங்களைத் தேட ஆரம்பிச்சார். அதுலருந்து டேக்னாலே எனக்கு ஒரு நடுக்கம்.

இப்போ இருக்கற பார்ட்னர் முதல்ல என்ன நினைச்சார் தெரியுமா? நான் அவரைப் பத்தி வெட்கப்படறேன்னு. காரணத்தைச் சொல்ல எனக்கு ரொம்ப காலம் ஆச்சு. சொல்லணும்னா முழுசும் திரும்ப நடக்கற மாதிரி இருக்கும். அதனால மாலைவெயில், "ஏன்? ஏன்?"னு துளைக்காதீங்க. "எது சரி, எது வேண்டாம்"னு முதல்ல கேளுங்க. காரணம் அவரா சொல்றப்போ வரட்டும்.

இப்போ நாங்க எப்படின்னா, ஒரு இடத்தை விட்டுக் கிளம்பி வந்த பிறகுதான் அந்த இடத்துப் படம் போடுவோம், இருக்கும்போது போடறதில்ல. அவர் போடலாம், என் முகமும் வரலாம், ஐடி வராது.

---

கதிர்_07

@தேன்மொழி உங்க விஷயம் வேற, அதுக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா காரணமே சொல்லாம எல்லை மட்டும் போடறது சரியா? இருட்டுல நிக்கறவங்க எவ்வளவு நாள் நிக்க முடியும்?

---

நிலாமுற்றம்

கதிர், இந்தக் கேள்வி நியாயமானது. எல்லையை உடனே மதிக்கலாம், அதற்குக் காரணம் தேவையில்லை. புகைப்படத்தில் இருப்பது அவர் முகம். ஆனால் அந்த எல்லை உண்டாக்கும் சந்தேகத்தை அவர் பாட்டுக்கு விட்டுவிட முடியாது. முழுக் கதையும் வேண்டாம், "இது உன்னைப் பற்றியது இல்லை, பழைய ஒரு விஷயம், பிறகு சொல்கிறேன்" என்கிற அளவுக்காவது அவர் சொல்ல வேண்டும்.

மாலைவெயிலிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2014இல் லிடியா எமரியும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கில் ஜோடிகள் தங்கள் உறவை எவ்வளவு காட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். நெருக்கத்தில் ஒதுங்கும் சுபாவம் உள்ளவர்கள் குறைவாகக் காட்ட விரும்பினார்கள், கைவிடப்படுவோமோ என்ற பதற்றம் உள்ளவர்கள் அதிகம் காட்ட விரும்பினார்கள். எனக்கு இன்னும் பயன்பட்டது வேறொரு பகுதி: துணைக்கு நம் மேல் எவ்வளவு அன்பு என்ற சந்தேகம் கூடிய நாட்களில் மக்கள் உறவை இன்னும் அதிகமாக வெளியே காட்டினார்கள். இதை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் உங்களுக்கு எந்த மாதிரி நாட்களில் படம் போடத் தோன்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது தெரிந்தால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும். சில சமயம் நமக்கு வேண்டியது பதிவாக இருக்காது.

---

மாலைவெயில்

ரெண்டு நாள் கழிச்சு வரேன். எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

முதல் கேள்விக்குப் பதில்: அவர் பக்கத்துல டேக் ஆன படம் ஒண்ணு கூட இல்ல, யார் போட்டதும் இல்ல. அக்கா கல்யாணப் படம் அக்கா பக்கத்துல இருக்கு, அவர் அதுல தெளிவா நிக்கறார், டேக் இல்ல. இதை நான் கவனிச்சதே இல்ல.

நேத்து பேசினோம். தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி "எது சரி, எது வேண்டாம்"னு ஆரம்பிச்சேன். நான் சண்டைக்கு வரலைன்னு தெரிஞ்சதும் அவரே பேசினார். அவர் ஓய்வு நேரத்துல போட்டோ எடுத்துக் கொடுக்கற வேலையும் செய்றார், வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்த அக்கவுன்ட் வழியாத்தான் வராங்க. அதனால அது யாரும் பார்க்கற மாதிரி திறந்தே இருக்கு. முன்னாடி ஒருத்தரோட இருந்தப்போ எல்லாம் வெளிப்படையா போட்டிருக்கார். பிரிஞ்ச பிறகு மாசக்கணக்கா வாடிக்கையாளர்கள், கூட வேலை செய்றவங்க, முன்பின் தெரியாதவங்க கூட "அவங்க எங்க, ஏன் படம் காணோம்"னு கேட்டிருக்காங்க. ஒவ்வொரு படமா உட்கார்ந்து எடுத்திருக்கார். "அதை இன்னொரு தடவை என்னால செய்ய முடியாது"ன்னார்.

கேட்டு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ராத்திரி படுத்தப்போ வேற ஒண்ணு குத்துச்சு. இன்னொரு தடவைன்னா? அப்போ நாங்களும் பிரிவோம்னு நினைச்சுத்தான் பழகறாரா?

---

பாரி

இது எனக்கும் தோணிருக்கும்.

---

தேன்மொழி

பயந்தவங்க பேசற விதம் அது. நடந்த ஒண்ணைத்தான் சொல்றாங்க, நடக்கப் போறதை இல்ல. நான் கூட "மறுபடியும் அப்படி ஆகிடுமோ"ன்னு சொல்வேன், என் பார்ட்னர் அப்படிப்பட்டவர்னு ஒரு நாளும் நினைச்சதில்ல.

---

நிலாமுற்றம்

இதை நாங்கள் இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது. அவரிடமே கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் டேக் பற்றிய பேச்சோடு சேர்த்துக் கேட்காதீர்கள். "நம் உறவு எங்கே போகிறது என்று நினைக்கிறாய்?" என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி மாலை வேண்டும். இரண்டையும் கலந்தால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் சம்மதிப்பதை உங்கள் மேல் உள்ள அன்புக்கான அளவாக நீங்கள் எடுத்துக்கொள்ள ஆரம்பிப்பீர்கள். அவரும் அதைத் தெரிந்துகொண்டு மனமில்லாமல் சம்மதிப்பார். அப்படி வந்த சம்மதம் நிலைக்காது.

இப்போது செய்ய வேண்டியது வேறு. "பப்ளிக்கா இருப்பது" என்று ஒரே சொல்லாகப் பேசினால் ஜோடிகள் ஆமாம்–இல்லை என்று முட்டிக்கொள்கிறார்கள். அதைப் பிரித்துப் பேசுங்கள். முகம் தெரியலாமா? பேர் எழுதலாமா? ஐடி இணைக்கலாமா? யார் பார்ப்பார்கள்? எத்தனை நேரம் இருக்கும்? எதைப் பற்றி எழுதவே கூடாது? அவருக்கு வலிப்பது இதில் ஒன்றோ இரண்டோதான் என்று படுகிறது. ஐடியும், நிலையாகத் தங்குவதும். முகம் அவருக்குப் பிரச்சினை இல்லை, "போட்டோ இருக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

---

சேகர்_எஸ்

முதல்ல கேள்வியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன், இப்போ எனக்குத் தெரிஞ்ச பக்கத்தைச் சொல்றேன். போட்டோவும் டேக்கும் ஒண்ணு இல்ல. நீங்க போடற படத்தை உங்க ஆட்கள்தான் பார்ப்பாங்க. உங்க அக்கவுன்ட் திறந்திருந்து அவரை டேக் பண்ணிட்டா, அவர் பக்கத்துல டேக் ஆன படங்கள் வரிசையில அது போய் நிக்கும், அவர் வாடிக்கையாளர் யார் வந்தாலும் பார்க்கலாம். ஃபேஸ்புக்ல டேக் பண்ணினா, நீங்க மாத்தி வைக்கலைன்னா அவரோட நண்பர்களுக்கும் அந்தப் பதிவு தெரியும். கூட்டுப் பதிவுன்னு ஒண்ணு இருக்கே, அது இன்னும் ஒரு படி மேல, ரெண்டு பேர் பக்கத்துலயும் ஒரே பதிவா நிக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும், யாருக்குத் தெரியணும்னு தேர்ந்தெடுக்கலாம். இன்ஸ்டா க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரியும் அப்படித்தான், அந்த லிஸ்ட்ல வேற யார் இருக்காங்கன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதை மட்டும் எதுவும் தடுக்காது.

அவர்கிட்ட சொல்லுங்க: இன்ஸ்டா அமைப்புகள்ல Tags and mentions உள்ள போய், டேக்குகளைத் தானே பார்த்து அனுமதிக்கற மாதிரி மாத்திக்கலாம். அப்புறம் யார் டேக் பண்ணினாலும் அவர் சரின்னு சொன்னாத்தான் அவர் பக்கத்துக்கு வரும். நடுராத்திரி எடுத்துட்டுக் காலையில விளக்கம் சொல்ல வேண்டிய வேலை இருக்காது.

---

மாலைவெயில்

சேகர் சார், இது ரொம்ப உதவியா இருந்துச்சு. அதைத்தான் நேத்து செய்தோம்.

பேசி முடிவானது இது. என் அக்கவுன்ட் மூடினது, தெரிஞ்சவங்கதான் இருக்காங்க. அதுல அவர் முகத்தோட படம் போடலாம், போடறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை அனுப்பிக் கேட்கணும். அவர் வேலையா இருக்கும்போது "ம்"னு வந்தா அது சம்மதம் கிடையாது, "போடு"ன்னு வந்தாத்தான். ஐடி கிடையாது, கூட்டுப் பதிவு கிடையாது, ரிலேஷன்ஷிப் ஸ்டேட்டஸ் கிடையாது. ஸ்டேட்டஸ், ஸ்டோரி எல்லாம் கேட்காமலே போடலாம், ஒரு நாளில போயிடும்ங்கறதால. சண்டை, உடம்பு, பணம் இந்த மூணும் எந்த வடிவத்திலயும் வெளியில வராது. இதுல பேர் போடாம எழுதற வரிகளும் சேர்த்தினு அவர் குறிப்பாக் கேட்டார். நிலாமுற்றம் கேட்டதுக்கும் இதுல பதில் இருக்கு: மனசு சரியில்லாத நாள்லதான் எனக்குப் படம் போடத் தோணுது. இனிமே அந்த மாதிரி நாள்ல அவருக்கே போன் பண்றதுன்னு பேசிக்கிட்டோம்.

என் பக்கம் கேட்டது ஒண்ணே ஒண்ணு. யாராவது நேரா கேட்டா சுத்தி வளைக்காம சொல்லணும், வாடிக்கையாளரா இருந்தாலும். "அதுக்கென்ன, சொல்றேனே"ன்னார், ஒரு நொடி கூட யோசிக்கல. நான் நிறைய நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்.

பிரிவு பத்தின கேள்வியை இன்னும் கேட்கல. பிரிஞ்சா படங்களை யார் எடுக்கறதுன்னும் பேசல, பேச எனக்கு மனசு வரல.

---

கதிர்_07

உங்களுக்கு நல்லது நடந்ததுல எனக்கு உண்மையாவே சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் துணையை என் பக்கத்துல ஒரு படமாவது வைக்காம என்னால இருக்க முடியாது, அவங்களும் அப்படித்தான். வாடிக்கையாளர் என்ன நினைப்பாங்கன்னு ஒருத்தரோட இடத்தைத் தீர்மானிக்கறது எனக்கு இன்னும் ஒத்துக்கல.

---

தேன்மொழி

@கதிர்_07 நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்கறீங்க, அதனால உங்களுக்கு இந்த இழையே தேவைப்படாது. இங்க வேற வேற மாதிரி நினைக்கற ரெண்டு பேர்.

மாலைவெயில், பிரிஞ்சா யார் எடுக்கறதுங்கற பேச்சு கசப்பாத்தான் இருக்கும். அவர் பயமே அந்த இடத்துலதான் இருக்கு, அதை நீங்களா ஆரம்பிச்சா அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்னு யோசிங்க. "நீ ஒண்ணு ஒண்ணா உட்கார்ந்து எடுக்க வேண்டாம், என் பக்கத்துல இருக்கறதை நானே எடுத்துடுவேன்"னு ஒரு வரி. எனக்கு அப்படி ஒருத்தர் சொன்னப்போ அழுதுட்டேன்.

---

பாரி

ஒரு நடைமுறைச் சந்தேகம். ஏற்கெனவே போட்ட பழைய படங்கள் என்ன ஆகும்? புது விதி வர்றதுக்கு முன்னாடி போட்டது நிறைய இருக்குமே. மத்தவங்க போட்டதும் இருக்கும்.

---

நிலாமுற்றம்

மற்றவர்கள் போட்டதில் டேக்கை அவரே நீக்கிக்கொள்ளலாம், படத்தையே எடுக்க வேண்டும் என்றால் போட்டவரிடம் அவர்தான் பேச வேண்டும். மாலைவெயில் அதைச் செய்யப் போனால் "உங்களுக்குள் என்ன ஆச்சு?" என்ற கேள்விதான் வரும்.

சொந்தப் பக்கத்துப் பழைய படங்களை அழிக்க வேண்டாம். ஆர்க்கைவ் செய்தால் வெளியே தெரியாது, லைக்கும் கமென்ட்டும் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரலாம். நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் இருவரும் சேர்ந்து பழைய பதிவுகளைக் கீழே வரை பாருங்கள். அவர் "இது இருக்கட்டும்" என்று சொல்லும் படங்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கலாம். சில மாதம் கழித்து விதிகளையும் ஒருமுறை திரும்பப் பேசுங்கள், அவர் வேலைக்குத் தனி அக்கவுன்ட் வைத்துக்கொண்டால் பாதி விதிகள் தேவைப்படாமல் போகலாம்.

---

மாலைவெயில்

தனி அக்கவுன்ட் யோசனை அவருக்கும் இருக்காம், இப்போதான் சொல்றார். வாடிக்கையாளர்களை அதுக்கு மாத்தறதுக்கு நேரம் ஆகும்கிறார். பழைய படங்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கோம். தேன்மொழி அக்கா சொன்ன அந்த வரியை அப்போ சொல்லிப் பார்க்கறேன்.